கேட்பதற்கு முன் ஈட்டுதல்: ஓர் உரையின் கடைசி ஸ்லைடு

(ஓஸ்டர்முண்டிகனில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ வரலாறோ தலைப்பாக இருப்பது வழக்கம். இந்த ஆண்டு ஏற்பாட்டாளர்கள் என்னிடம் வேறொன்றைக் கேட்டார்கள். இந்த நாட்டில் நம்மவர் பெற்றோர் சங்கமாக, கோயில் நிர்வாகமாக, விளையாட்டுக் கழகமாக, வேலைத்தளத்தில் ஓர் அணியாக, யாரோ ஒருவரிடம் போய் ஏதோ ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பதற்குப் பத்து நிமிடம் தருகிறார்கள். ப்ரொஜெக்டர் ஒன்றும் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தின் முடிவில் திரையில் நிற்கும் கடைசி ஸ்லைடை எப்படி அமைப்பது என்று பேசும்படி கேட்டார்கள். ஒரே ஒரு ஸ்லைடைப் பற்றி ஓர் உரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வேண்டுகோள் கேட்பவரை நெருக்குவது போலத் தோன்றினால், நாம் வழக்கமாகச் சொற்களைத்தான் குறை சொல்கிறோம். சற்றுப் பணிவாகக் கேட்டிருக்கலாம், ‘தயவுசெய்து’ சேர்த்திருக்கலாம் என்கிறோம். பெரும்பாலான இடங்களில் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. உரை நிரூபித்தது இவ்வளவு, கடைசி ஸ்லைடு கேட்பது அவ்வளவு என்ற இடைவெளிதான் அந்த நெருக்கடி. அந்த இடைவெளியைப் பணிவான சொல் மூடாது.

நம் வீட்டுத் தபால்பெட்டியில் வரும் பாடம்

இதற்குப் பாடம் படிக்க நாம் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. குடியுரிமை பெற்றவர்களின் வீட்டுக்கு ஆண்டுக்கு நான்கு தடவை வரையில் ஓர் உறை வருகிறது. கூட்டாட்சி வாக்கெடுப்புக்கு மூன்று முதல் நான்கு வாரங்களுக்கு முன் அந்த ஆவணங்கள் கைக்கு வந்தாக வேண்டும் என்பது சட்டம். உள்ளே ஒரு சிறு விளக்கநூல் இருக்கும், ஒரு வாக்குச்சீட்டும் இருக்கும். விளக்கநூல் விடயத்தைச் சொல்கிறது. எதிர்ப்பவர்களின் வாதம் அவர்களே எழுதிய வாசகங்களில் இடம்பெறுகிறது. அரசின் வாதமும் இருக்கிறது. அரசும் நாடாளுமன்றமும் எதைப் பரிந்துரைக்கின்றன என்பதும் ஒளிவில்லாமல் அச்சாகியிருக்கிறது. வாக்குச்சீட்டில் வழக்கமாக இருப்பது ஒரு கேள்வி: இதை ஏற்றுக்கொள்கிறீர்களா? பக்கத்தில் ஆம் அல்லது இல்லை என்று எழுத ஒரு கட்டம்.

அந்தச் சீட்டைக் கவனித்துப் பாருங்கள். அதில் புதிய வாதம் எதுவும் கிடையாது. ஆச்சரியக்குறி கிடையாது. குழந்தையின் படம் கிடையாது. ‘உங்கள் எதிர்காலம் உங்கள் கையில்’ என்ற வாசகம் கிடையாது. வாதாட வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. சீட்டு செய்வது ஒரே வேலைதான்: முடிவு எடுக்க வேண்டிய விடயத்தை ஒரு வாக்கியத்தில் வைத்துவிட்டு, ‘இல்லை’ எழுதவும் அதே அளவு இடம் விட்டுவைக்கிறது. நல்ல கடைசி ஸ்லைடு ஏறத்தாழ இப்படித்தான் இருக்க வேண்டும்.

வாதம் பிழையாக இருந்தால் கேள்வி எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை என்பதற்கும் இந்த நாட்டிலேயே சான்று உண்டு. 2016 பிப்ரவரி 28 அன்று, திருமணமானவர்கள் வரியில் பாதிக்கப்படுவதை நிறுத்தக் கோரும் மக்கள் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. 50.8 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அப்போதைய விளக்கநூலில், இருவரும் சம்பாதிக்கும் தம்பதிகளில் பாதிக்கப்படுவோர் ஏறத்தாழ 80,000 என்று இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அரசே அந்த எண்ணைத் திருத்தியது. சரியான எண் ஏறத்தாழ 454,000. 2019 ஏப்ரல் 10 அன்று கூட்டாட்சி உயர் நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பையே செல்லாது என்றது. கேள்வியில் ஓர் எழுத்துப் பிழைகூட இருக்கவில்லை. கேள்விக்கு அடியில் நின்ற எண் விழுந்தது, அதன்மேல் நின்ற முடிவும் விழுந்தது.

ஓஸ்டர்முண்டிகன் இரண்டு தடவை கேட்கப்பட்ட கதை

இந்த ஊரில் வசிப்பவர்களுக்குப் பத்தாம் இலக்கப் பேருந்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காலையிலும் மாலையிலும் அதில் நின்று பயணம் செய்த கால்களுக்குத் தெரியும். அந்த நெரிசலுக்குத் தீர்வாக, கோனிட்ஸிலிருந்து பேர்ண் நகர் வழியாக ஓஸ்டர்முண்டிகன் வரை ஒரே ட்ராம் பாதை என்று திட்டம் போட்டார்கள். 2014 செப்டம்பர் 28 அன்று மூன்று ஊர்களிலும் வாக்கெடுப்பு நடந்தது. பேர்ண் ஆம் என்றது. கோனிட்ஸும் ஓஸ்டர்முண்டிகனும் இல்லை என்றன. அந்தத் திட்டம் அந்த வடிவில் அத்தோடு நின்றது.

பேருந்தின் நெரிசல் மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே விடயம் மறுபடியும் வந்தது. வரும்போது கேள்வியின் அளவு மாறியிருந்தது. கோனிட்ஸ் பக்கம் விடப்பட்டு, பேர்ணிலிருந்து ஓஸ்டர்முண்டிகன் வரையிலான கிளை மட்டும் முன்வைக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் இந்த ஊர் மக்கள் அதற்கு ஆம் என்றார்கள். 2018 மார்ச்சில் கன்டோன் மக்களும் அதற்கான நிதியை ஏற்றார்கள்.

வாக்காளர் மனம் மாறியதற்குப் பல காரணங்கள் இருக்கும். ஒற்றைக் காரணம் சொல்லி முடித்துவிட நான் துணியமாட்டேன். ஆனால் கேள்வியை முன்வைத்தவர்கள் பக்கம் நடந்ததைக் கவனிக்கலாம். இல்லை என்ற பதில் வந்ததும் அதே கேள்வியை இன்னும் உரக்கக் கேட்கவில்லை. கேள்வியை வெட்டிச் சிறிதாக்கி, இந்த ஊருக்கு நேராகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் வைத்துக் கேட்டார்கள். நம் சங்கங்கள் பெரும்பாலும் எதிர்த்திசையில் போகின்றன. ஒரு தடவை மறுப்பு வந்தால், அடுத்த தடவை அதே கோரிக்கையோடு இன்னும் பத்துப் படங்களும் இன்னும் பெரிய எழுத்தும் வருகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 22 அன்று இந்த ஊர் பேர்ணோடு இணைய வேண்டுமா என்று கேட்கப்பட்டது. பேர்ண் ஆம் என்றது, ஓஸ்டர்முண்டிகன் இல்லை என்றது. இணைப்பு நடக்கவில்லை. பேர்ணோடு ஒப்பிட்டால் இது சிறிய ஊர். ஆனாலும் அதன் ‘இல்லை’ முழு ‘இல்லை’யாக ஏற்கப்பட்டது. மறுப்பை ஏற்கத் தயாராக இருப்பவர்கள் கேட்கும்போதுதான் அது கேள்வி. மறுப்பை ஏற்கத் தயாரில்லாமல் கேட்பது கேள்வியின் உடுப்பைப் போட்டுக்கொண்ட கட்டளை. அதைக் கேட்பவர்கள் உடனே உணர்ந்துவிடுகிறார்கள்.

நெருக்கினால் என்ன நடக்கிறது

தன் முடிவைத் தானே எடுக்கும் சுதந்திரம் பறிபோகிறது என்று ஒருவர் உணர்ந்தால், சொல்லப்பட்ட விடயம் நல்லதாக இருந்தாலும் அதற்கு எதிராக நிற்கத் தோன்றும். ஜாக் பிரேம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். இதன் மறுபக்கத்தைப் பிரான்ஸில் கெகன், பாஸ்கல் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். தெருவில் போகிறவர்களிடம் பேருந்துக் கட்டணத்துக்குச் சில்லறை கேட்டார்கள். சும்மா கேட்டபோது பத்தில் ஒருவர் கொடுத்தார். ‘கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்’ என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தபோது ஏறத்தாழப் பாதிப்பேர் கொடுத்தார்கள். சில்லறைக்கும் மண்டபத்துக்கும் வேறுபாடு உண்டு. அந்த அளவு விளைவு எல்லா இடத்திலும் கிடைக்காது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது.

ஆனால் சுதந்திரம் கொடுத்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல் விடுவதும் பயனற்றது. 1965இல் லெவெந்தால், சிங்கர், ஜோன்ஸ் என்ற மூவர் யேல் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டெட்டனஸ் நோயின் ஆபத்தை விளக்கும் கையேட்டை மாணவர்களுக்குக் கொடுத்து, ஊசி போட்டுக்கொள்ளும்படி பரிந்துரைத்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கூடுதலாக, சுகாதார நிலையம் எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடமும், எந்த நேரத்தில் போகலாம் என்ற விவரமும், தங்கள் நாளில் எப்போது போவோம் என்று யோசிக்கும்படியான குறிப்பும் தந்தார்கள். கையேடு மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டார்கள். வரைபடமும் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர். இறுதியாண்டு மாணவர்களுக்கு அந்த நிலையம் எங்கே என்று முன்பே தெரியும். ஆனாலும் அந்தச் சிறு தாள் வேலை செய்தது.

அந்த ஆய்வில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தை விளக்காமல் வரைபடத்தை மட்டும் கொடுத்த குழு ஒன்றும் இருந்தது. அது போதவில்லை. காரணம் மட்டும் சொன்னாலும் அசைவில்லை, வழி மட்டும் சொன்னாலும் அசைவில்லை. கடைசி ஸ்லைடு அந்த வரைபடம். அதற்கு முந்திய ஸ்லைடுகள் அந்தக் கையேடு. ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகச் செய்து பார்ப்போம்

ஒரு பெற்றோர் குழு சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஊராட்சியிடம் பள்ளி அறைகள் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மவர் ‘கெமைண்டே’ என்று சொல்லும் அந்த ஊராட்சியின் பள்ளி ஆணையம் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறது. பின்னர் கால் மணிநேரம் கேள்விகள். கீழே வரும் எண்கள் இந்த விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

குழுவின் முதல் வரைவில் கடைசி ஸ்லைடு இப்படி இருக்கிறது. பின்னணியில் பரதநாட்டிய உடுப்பில் சிறுமிகள். நடுவில் பெரிய எழுத்தில், ‘எங்கள் பிள்ளைகளின் தாய்மொழி உங்கள் கையில்! ஆதரவு தாருங்கள்!’ அதன் கீழ் ‘நன்றி’.

இதில் இரண்டு குறைகள் ஒன்றாக இருக்கின்றன. ‘உங்கள் கையில்’ என்ற சொல் ஆணையத்தார் தலையில் ஒரு பெரிய பொறுப்பைத் தூக்கி வைக்கிறது. அவர்கள் மறுத்தால் ஒரு மொழியையே அழித்தவர்கள் ஆகிவிடுவார்கள். இது நெருக்கடி. அதே நேரத்தில் ‘ஆதரவு’ என்பது பணமா, அறையா, கடிதமா என்று தெரியவில்லை. ஆணையத் தலைவர் ‘நிச்சயமாக ஆதரிக்கிறோம்’ என்று சொல்லிச் சிரித்து, கைகுலுக்கி அனுப்பிவிடலாம். பாரத்தைக் கூட்டியும் விட்டது, வேலையைச் சொல்லவும் இல்லை. நெருக்கும் ஸ்லைடுகள் பெரும்பாலும் தெளிவற்ற ஸ்லைடுகளாகவும் இருப்பதை நீங்கள் பார்க்கலாம். என்ன கேட்பது என்று தீர்மானிக்காதவர்கள் அந்த இடத்தை உணர்ச்சியால் நிரப்புகிறார்கள்.

இரண்டாவது வரைவில் குழு தெளிவாகிறது. ஆனால் பட்டியல் போடுகிறது: நான்கு அறைகள் வேண்டும், நூலகத்தில் தமிழ் அலமாரி வேண்டும், பொங்கல் விழாவுக்கு மண்டபம் வேண்டும், ஊர் மடலில் அறிவிப்பு வேண்டும், ஆண்டுதோறும் நிதி வேண்டும். ஐந்து கோரிக்கைகள் இருந்தால் ஆணையம் தனக்கு மிக எளிதான ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கதையை முடிக்கும். ஊர் மடலில் அறிவிப்பு கிடைக்கும், அறை கிடைக்காது. பட்டியலில் எது முதன்மை என்று நாம் சொல்லாவிட்டால் அதைத் தேர்வது அவர்கள் உரிமையாகிவிடுகிறது.

மூன்றாவது வரைவு இப்படி அமையலாம். தலைப்பு ஒரு முழு வாக்கியம்: ‘வரும் பள்ளி ஆண்டில் சனிக்கிழமை காலைகளில் இரண்டு வகுப்பறைகளை எங்களுக்குத் தர முடியுமா?’ அதன் கீழே மூன்று வரிகள். முதல் வரி: காலை 9 முதல் 12 மணி வரை, பள்ளி விடுமுறை நாட்களில் வகுப்பு இல்லை. இரண்டாம் வரி: திறப்பு, துப்புரவு, சேதம் ஆகியவற்றுக்குப் பெயர் குறிப்பிட்ட இரு பெற்றோர் பொறுப்பு. மூன்றாம் வரி: ஆண்டு முடிவில் ஆணையம் மீண்டும் பார்க்கும், தொடர்வதும் நிறுத்துவதும் ஆணையத்தின் முடிவு. அடியில் சற்றுச் சிறிய எழுத்தில்: மே மாத இறுதிக்குள் தெரிந்தால் ஆகஸ்டில் வகுப்பு தொடங்கப் பெற்றோருக்கு அறிவிக்க முடியும்.

படம் கிடையாது. ‘நன்றி’யும் ஸ்லைடில் கிடையாது. நன்றியை வாயால் சொல்லலாம். அப்படிச் சொன்னால்தான் அதற்கு மதிப்பும் இருக்கிறது.

அந்த மே மாதத் தேதியைக் கவனியுங்கள். காலக்கெடு வைப்பதே நெருக்குவது என்று சிலர் பயப்படுகிறார்கள். காரணம் சொல்லாத கெடுதான் நெருக்குகிறது. ‘இன்றே முடிவு செய்யுங்கள்’ என்றால் ஏன் இன்று என்ற கேள்வி எழும். ஆகஸ்ட் நடுவில் பள்ளி ஆண்டு தொடங்குகிறது, அதற்கு முன் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும் என்றால் அந்தக் கெடு நாட்காட்டியிலிருந்து வருகிறது, நம் ஆசையிலிருந்து வரவில்லை. மூன்றாம் வரிதான் சுதந்திரத்தைத் தருகிறது. ஆணையம் எடுக்கும் முடிவு ஓர் ஆண்டுக்கு மட்டுமே. திரும்பிப் போக வழி இருக்கும்போது முன்னே ஓர் அடி வைப்பது எளிது.

பின்னாலிருந்து முன்னுக்குக் கட்டுதல்

இந்த ஸ்லைடு ‘ஈட்டப்பட்டதா’ என்பதை இந்த ஸ்லைடை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதில் உள்ள ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எண்ணையும் கோடிடுங்கள். இரண்டு அறை. சனிக்கிழமை காலை. திறப்பு. துப்புரவு. ஓர் ஆண்டு. மே மாதம். பிறகு ஒவ்வொன்றும் முந்திய ஸ்லைடுகளில் எங்கே நிறுவப்பட்டது என்று தேடுங்கள்.

இரண்டு அறை ஏன்? 38 பிள்ளைகள், இரண்டு வயதுக் குழுக்கள் என்று ஒரு ஸ்லைடு காட்டியிருக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஏன்? அந்தப் பள்ளியில் அந்த நேரத்தில் எந்த அறைகள் காலியாக இருக்கின்றன என்று, பள்ளியிடமே முன்கூட்டிக் கேட்டு அறிந்த அட்டவணை ஒரு ஸ்லைடில் இருக்க வேண்டும். திறப்பும் துப்புரவும் ஏன் வந்தன? ஆணையத்தார் மனத்தில் ஓடும் பெரிய தயக்கம் பிள்ளைகளின் மொழியைப் பற்றியது அல்ல. சனிக்கிழமை கட்டடத்தைத் திறப்பது யார், திங்கட்கிழமை காலையில் அழுக்குத் தரையைப் பார்த்துவிட்டு அப்வார்ட் யாரிடம் கோபப்படுவார் என்பதுதான். அந்தத் தயக்கத்தை, அவர்கள் சொல்லக்கூடிய வார்த்தைகளிலேயே, கடைசிக்கு முந்திய ஸ்லைடில் நாமே எழுத வேண்டும். வாக்கெடுப்பு விளக்கநூல் எதிர்ப்பவர்களுக்கு அவர்களுடைய பக்கத்தைக் கொடுப்பதைப் போல. தயக்கத்தை நாம் எழுதாமல் விட்டால் அது மறையாது. கேள்வி நேரத்தில் முதல் கேள்வியாக வரும். அப்போது நாம் தற்காத்துக்கொள்பவர்களாக நிற்போம்.

இந்தத் தேடலில் முந்திய ஸ்லைடுகளில் வீடில்லாத சொல் ஒன்று அகப்பட்டால் இரண்டு வழிகள்தான். அதற்கு ஒரு வீடு கட்டுங்கள், அல்லது கடைசி ஸ்லைடிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். கடைசி ஸ்லைடில் முதன்முறையாகத் தலைகாட்டும் எதுவும் கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். அதிலும் பணம் அங்கேதான் முதலில் தலைகாட்டினால், அதுவரை கேட்டதெல்லாம் இதற்கான தூண்டில் என்று தோன்றிவிடும். செலவு இருந்தால் உரையின் நடுவிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுதிசையிலும் பாருங்கள். முந்திய ஸ்லைடுகளில் இருந்து, கடைசி ஸ்லைடுக்கு உதவாத ஏதாவது இருக்கிறதா? தமிழின் தொன்மையைப் பற்றி மூன்று ஸ்லைடுகள் இருக்கக்கூடும். நமக்கு அவை பெருமை. ஆனால் ஒரு மொழி ஈராயிரம் ஆண்டு பழமையானது என்பதிலிருந்து சனிக்கிழமை இரண்டு அறை வேண்டும் என்பது பிறக்காது. அந்த மூன்று நிமிடத்தையும் அறை அட்டவணைக்கும் துப்புரவுக்கும் கொடுத்தால் கோரிக்கை வலுப்படும்.

மறைத்துப் பார்க்கும் சோதனை

உரை தயாரானதும் விடயம் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, கடைசி ஸ்லைடைக் காட்டாமல் முழு உரையையும் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: ‘நான் இப்போது என்ன கேட்கப்போகிறேன் என்று நினைக்கிறீர்கள்?’

அவர் சொல்வது உங்கள் ஸ்லைடில் இருப்பதற்கு ஏறத்தாழ ஒத்துவந்தால், கோரிக்கை ஈட்டப்பட்டிருக்கிறது. கேட்பவர் தானாகவே அங்கே வந்து நிற்கிறார், நீங்கள் அதை வாக்கியமாக்கித் தருகிறீர்கள். அவர் ‘ஒரு நாள் வந்து பார்க்கச் சொல்லப்போகிறீர்கள் போல’ என்று உங்கள் கோரிக்கையைவிடச் சிறியதாகச் சொன்னால், உங்கள் சான்று அந்த அளவுக்குத்தான் எட்டியிருக்கிறது. அப்போது சான்றைக் கூட்டுங்கள், அல்லது கோரிக்கையைக் குறையுங்கள். எழுத்தைப் பெரிதாக்காதீர்கள். அவர் ‘நான்கு அறை கேட்பீர்கள் என்று நினைத்தேன்’ என்றால் நீங்கள் தேவையைவிடக் குறைத்துக் கேட்கிறீர்கள். நம்மவரிடம் இதுவும் அடிக்கடி நடக்கிறது. அவர் கைவிரித்தால், உங்கள் உரையில் விடயம் இருக்கிறது, போக்கு இல்லை.

மேடையில் நடந்ததையும் ஓர் அடையாளத்தால் அளக்கலாம். முடிந்ததும் வரும் முதல் கேள்வியைக் கவனியுங்கள். ‘சரி, நாங்கள் என்ன செய்ய வேண்டும்?’ என்று வந்தால் கடைசி ஸ்லைடு தன் வேலையைச் செய்யவில்லை. ‘ஏன் எங்களிடம் வருகிறீர்கள்?’ என்றால் முந்திய ஸ்லைடுகள் செய்யவில்லை. ‘திறப்பு யாரிடம் இருக்கும்?’ என்று வந்தால் அவர்கள் மனத்தில் அந்த அறை ஏற்கெனவே திறந்துவிட்டது.

திரையில் கால் மணிநேரம்

சில நடைமுறைக் குறிப்புகள். பத்து நிமிட உரையில் ஒவ்வொரு ஸ்லைடும் ஒன்றோ இரண்டோ நிமிடம் நிற்கும். கடைசி ஸ்லைடு கேள்வி நேரம் முழுவதும், அதாவது கால் மணிநேரம், திரையில் நிற்கும். மிக நீண்ட நேரம் பார்க்கப்படும் இடத்தில் ‘நன்றி’ என்ற ஒற்றைச் சொல்லை வைப்பது வீண். அத்தனை நேரம் பார்க்கப்படுவதால்தான் அதில் ஆச்சரியக்குறியும் வைக்கக்கூடாது. ஒரு நொடி பார்த்தால் உற்சாகமாகத் தோன்றும் வாசகம், கால் மணிநேரம் பார்த்தால் கத்திக்கொண்டே நிற்பது போலிருக்கும்.

மேலதிக விவரங்களுக்கான ஸ்லைடுகளைக் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பவர்பாயிண்டில் உரை ஓடும்போது ஸ்லைடின் எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் நேராக அந்த ஸ்லைடுக்குப் போகலாம். பதில் சொன்னதும் அதே வழியில் கோரிக்கை ஸ்லைடுக்குத் திரும்பிவிடுங்கள். திரும்பாவிட்டால், கூட்டம் கலையும்போது திரையில் நிற்பது துப்புரவுச் செலவுக் கணக்காக இருக்கும்.

கேள்வியை ஒரு தடவை, எழுதியிருப்பது போலவே வாசியுங்கள். பிறகு நிறுத்துங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் பலர் உடனே ‘இது மிகவும் முக்கியம், நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும்’ என்று இன்னொரு சுற்றுப் பேசத் தொடங்குகிறார்கள். ஸ்லைடு நெருக்காமல் இருந்தும் பேச்சு நெருக்கிவிடுகிறது.

கேட்கக்கூடாத இடங்கள்

இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. எதிரில் இருப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை என்றால், முடிவைக் கேட்பது அவரைச் சங்கடப்படுத்தும். அவர் செய்யக்கூடியதைக் கேளுங்கள்: ‘இதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்க முடியுமா?’ அது சிறிய கோரிக்கை. ஆனால் அவரால் ஆம் என்று சொல்ல முடிந்த கோரிக்கை. தகவல் சொல்ல மட்டுமே அழைக்கப்பட்ட இடத்தில் கோரிக்கையே வைக்காதீர்கள். தகவல் உரை என்று அழைத்து உட்கார வைத்துவிட்டுக் கடைசியில் நன்கொடைப் படிவத்தை நீட்டினால், எவ்வளவு அழகான ஸ்லைடும் அதை ஈட்டித் தராது.

நம் சொந்த மேடைகளையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் நிகழ்ச்சி முடிந்து பெற்றோர் நெகிழ்ந்திருக்கும் நேரத்தில் திரையில் வங்கிக் கணக்கு எண் வருகிறது. ஒலிவாங்கியில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அன்றைக்குப் பணம் சேரும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் சபைக்குப் பயந்து கொடுத்தவர் அடுத்த ஆண்டு கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்துவிடுவார். சென்ற ஆண்டு சேர்ந்த தொகை எவ்வளவு, அது எதற்குச் செலவானது, இந்த ஆண்டு எதற்கு எவ்வளவு குறைகிறது என்று மூன்று ஸ்லைடுகளில் காட்டிவிட்டு, ‘விரும்புபவர்கள் இந்த மாதத்துக்குள் அனுப்பலாம்’ என்று நிறுத்துங்கள். முதல் ஆண்டு தொகை குறையலாம். கணக்கை ஒவ்வோர் ஆண்டும் அதே ஒழுங்கில் காட்டினால்தான் கேட்கும் உரிமை உங்களிடம் தங்கும்.

இங்கே இருப்பவர்களில் பலர் ஏதாவது ஒரு குழுவில் பொறுப்பில் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். இல்லை என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த தடவை உரை தயாரிக்கும்போது முதல் ஸ்லைடைத் தொடுவதற்கு முன், கடைசி ஸ்லைடின் அந்த ஒற்றைக் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். யார், எதை, எப்போது, எவ்வளவு காலத்துக்குச் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கட்டும். அந்தக் கேள்வியை உங்களால் எழுத முடியவில்லை என்றால், உரைக்கு நேரம் கேட்காதீர்கள். எழுத முடிந்தால், மற்ற ஸ்லைடுகள் எல்லாம் அதை ஈட்டுவதற்காக மட்டும் இருக்கட்டும்.